மாவு மில்லும் மேப்பில் தப்பாக நின்ற சிவப்புப் புள்ளியும்

கிருஷ்ண ஜெயந்திக்கு முந்தின நாள் சாயங்காலம், சீடைக்கு ஊறவைத்து வடித்த ஈர அரிசியைத் தூக்கில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா எங்கள் சித்தப்பாவின் மாவு மில்லைத் தேடி இருபது நிமிடம் சுற்றியிருக்கிறார். போனில் கூகுள் மேப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது மில் இருக்கும் தெருவில் இல்லை, அதற்குப் பின்பக்கத் தெருவில். அங்கே ஒரு வீட்டுச் சுவர்தான் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது, போக வழி இல்லை. ஈர அரிசி ரொம்ப நேரம் காத்திருக்காது, புளிக்க ஆரம்பித்துவிடும். ஒருவழியாக வந்து சேர்ந்து, அரைத்து வாங்கிக்கொண்டு, போகும்போது "கடையை மேப்ல போட்டவங்க சரியா போட்டிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவராவது தேடி வந்துவிட்டார். அப்படித் தேடாமல், வழியில் தெரிந்த வேறு மில்லில் அரைத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர் என்று சித்தப்பாவுக்குத் தெரிய வழியே இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே இருக்கிற கடை அது. பழைய ஆட்களுக்குத் தெரியும். ஆனால் சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன, புதிதாகக் குடிவந்தவர்கள் பக்கத்து வீட்டில் கேட்பதில்லை, போனில் flour mill near me என்றோ மாவு மில் என்றோ தட்டிப் பார்க்கிறார்கள். அந்த ஒரு கடையின் மேப் விவரத்தை நானும் சித்தியும் சில மாதம் உட்கார்ந்து சரிசெய்தோம். அதில் நான் புரிந்துகொண்டது இதுதான்: மேப்பில் கடையைப் போடுவதும் விமர்சனத்துக்குப் பதில் எழுதுவதும் இரண்டு வேலை இல்லை. மோசமான விமர்சனத்தில் பாதி, மேப்பில் நாம் கொடுத்த தகவல் தப்பாக இருப்பதால் வருகிறது. அங்கே சரிசெய்யாமல் எவ்வளவு பணிவாகப் பதில் எழுதினாலும் அதே விமர்சனம் வேறு ஒருவர் பெயரில் மறுபடி வரும்.

முதலில் அந்தப் பக்கம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் எதுவும் செய்யாமலேயே கடை மேப்பில் இருக்கலாம், யாரோ ஒரு வாடிக்கையாளர் சேர்த்திருக்கலாம். அப்படி இருந்தால் கடைப் பெயரைத் தொட்டதும் Claim this business என்று ஒரு வரி தெரியும், அதைத் தொட்டு நம்முடைய கணக்கில் உரிமை கேட்கலாம். எங்கள் விஷயத்தில் அந்த வரி இல்லை. ஏனென்றால் மூன்று வருடம் முன்பு "கூகுள்ல கடையைப் போட்டுத் தர்றோம்" என்று வந்த ஒருவர் காசு வாங்கிக்கொண்டு, தன்னுடைய ஜிமெயில் கணக்கிலேயே கடையைப் பதிந்துவிட்டுப் போயிருந்தார். சித்தப்பா கையில் எதுவும் இல்லை. அந்த நபரின் எண் இப்போது வேலை செய்யவில்லை.

இது ரொம்பப் பேருக்கு நடக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். மேப்பில் கடையைப் போடக் கூகுள் காசு வாங்குவதில்லை. business.google.com போய் நாமே செய்யலாம். வேறு யாராவது உதவி செய்தாலும் உரிமையாளர் இடத்தில் கடைக்காரரின் கணக்குதான் இருக்க வேண்டும், உதவுகிறவரை மேலாளராக மட்டும் சேர்த்தால் போதும், நாளைக்கு வேண்டாம் என்றால் நீக்கிவிடலாம். ஏற்கெனவே கை மாறிப் போயிருந்தால், கடையைச் சேர்க்கப் போகும்போதே இது வேறொரு கணக்கில் இருக்கிறது என்று சொல்லும், அங்கேயே Request access என்று கேட்கலாம். இப்போது வைத்திருப்பவருக்கு ஒரு மின்னஞ்சல் போகும், மூன்று நாள் அவகாசம். அவர் பதிலே சொல்லாவிட்டால், நாம்தான் கடைக்காரர் என்று நிரூபித்துப் பெற்றுக்கொள்ள வழி கிடைக்கலாம். அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தது. இந்த இடத்தில் நிறையப் பேர் பொறுமை இழந்து, அதே கடையைப் புதிதாக இன்னொரு தடவை சேர்த்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். ஒரே கடை இரண்டு இடத்தில் நிற்கும், விமர்சனங்கள் இரண்டாகப் பிரியும், கடைசியில் ஒன்றை நகல் என்று முடக்குவார்கள், அது எது என்பது நம் கையில் இருக்காது.

நிரூபிப்பதற்கு இப்போது பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறார்கள். குறைந்தது 30 வினாடி, ஒரே மூச்சில் எடுத்தது, வெட்டி ஒட்டக் கூடாது. அதில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: கடை இந்த இடத்தில்தான் இருக்கிறது, இந்தத் தொழில்தான் நடக்கிறது, படம் எடுப்பவர் கையில்தான் கடை இருக்கிறது. நாங்கள் தெருப்பெயர்ப் பலகையிலிருந்து ஆரம்பித்து, பக்கத்து மளிகைக் கடை தெரிகிற மாதிரி நடந்து, எங்கள் பலகையைக் காட்டி, சித்தப்பா பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்குவதை எடுத்து, உள்ளே மெஷினையும் தராசையும் காட்டி முடித்தோம். ஷட்டரைத் திறந்து காட்டுவது நல்ல ஆதாரம், வேறு ஆள் செய்ய முடியாத காரியம் அது. முதல் தடவை எடுத்ததைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்குள்ளேயே நின்று எடுத்திருந்தோம், தெரு எதுவும் தெரியவில்லை, அதனால்தான் என்று நினைக்கிறேன். இரண்டாவது சரியாகிவிட்டது.

சரி, கடை கைக்கு வந்துவிட்டது. இனிதான் அந்தப் புள்ளி.

நம் ஊர் முகவரியை வைத்து மேப்பால் சரியான கதவைக் கண்டுபிடிக்க முடியாது. பழைய எண், புதிய எண், ஒரே பெயரில் நான்கு குறுக்குத் தெரு. அதனால் முகவரியை எழுதியதும் அது ஏதோ ஒரு இடத்தில் சிவப்புப் புள்ளியைக் குத்திவிடும், பல நேரம் தெருவின் ஆரம்பத்தில், சில நேரம் அந்த ஏரியாவின் நடுவில். நாம்தான் அதைக் கையால் இழுத்துச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் புள்ளி கட்டடத்தின் மேல்தான் இருந்தது, அதனால் பார்க்கிறவர்களுக்குத் தப்பே தெரியாது. ஆனால் கட்டடத்தின் பின்பாதியில் இருந்தது. மேப்புக்குக் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாது. புள்ளிக்கு எந்தத் தெரு பக்கமோ அங்கேதான் ஆளைக் கொண்டுபோய் விடும். பின்பாதிக்குப் பின்தெருதான் பக்கம். அந்த அம்மா சுவர் முன்னால் நின்றதற்கு அதுதான் காரணம். செயற்கைக்கோள் படத்தைப் போட்டு, நன்றாகப் பெரிதாக்கி, புள்ளியை ஷட்டர் இருக்கும் விளிம்புக்கு நகர்த்தினோம். மொத்தம் ஆறேழு மீட்டர்தான் இருக்கும்.

நகர்த்தியதும் வேலை முடிந்தது என்று விடக் கூடாது, நடந்து பார்க்க வேண்டும். நீங்கள் நடக்காதீர்கள், உங்களுக்கு வழி தெரியும், கால் தானாகப் போகும். கடையைப் பார்த்திராத ஒருவரைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டு மேப் சொல்கிறபடியே வரச் சொல்லுங்கள். என் நண்பன் வந்தபோது இன்னொன்று தெரிந்தது: சரியான தெருவுக்கு வந்துவிட்டான், ஆனால் கடையைத் தாண்டிப் போய்விட்டான், ஏனென்றால் முன்னால் நின்ற லோடு வண்டி பலகையை மறைத்துவிட்டது. அதனால் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று, இடப்பக்கக் கடையும் வலப்பக்கக் கடையும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போட்டோம். மெஷினை அழகாகக் காட்டுகிற படத்தைவிட, தெருவில் நிற்கிறவனுக்கு "இந்த மளிகைக் கடைக்கு அடுத்தது" என்று காட்டுகிற படம்தான் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

அடுத்தது கடையின் வகை. இதை நிறையப் பேர் அலட்சியமாக ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். உள்ளூர்த் தேடலில் எந்தக் கடையைக் காட்டுவது என்பதற்குக் கூகுள் வெளிப்படையாகச் சொல்கிற காரணங்கள் மூன்று: தேடுகிறதுக்குப் பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த கடை. தூரம் நம் கையில் இல்லை. பெயர் பரவுவதற்கு நாள் ஆகும். இன்றைக்கே சரிசெய்யக்கூடியது பொருத்தம் மட்டும்தான், அதில் பெரிய பங்கு முதன்மை வகைக்கு. எங்கள் கடை உற்பத்தியாளர் என்ற பொது வகையில் கிடந்தது. மாவு மில் தேடுகிறவருக்கு ஏன் ஒரு உற்பத்தியாளரைக் காட்டப் போகிறது? வகையை நாமாக எழுத முடியாது, அவர்கள் பட்டியலில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அதனால் அதே தொழிலில் நன்றாக மேலே வரும் கடைகளின் பெயருக்குக் கீழே என்ன வகை எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, Flour mill என்று மாற்றினோம். முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம். கிடைக்கிறதே என்று ஒன்பதையும் நிரப்ப வேண்டாம். நாங்கள் மசாலா அரைத்துக் கொடுக்கிறோம், விற்பதில்லை. மசாலாக் கடை என்று சேர்த்திருந்தால் வாங்க வந்தவர் ஏமாந்து திரும்பியிருப்பார், அவர் கோபம் நட்சத்திரமாக வந்திருக்கும்.

பெயர் விஷயத்திலும் இதே ஆசை வரும். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் சொன்னார்: பெயருக்குப் பின்னால் 'பெஸ்ட் மாவு மில் கிழக்குத் தாம்பரம் மசாலா அரைக்கும் இடம்' என்று சேர்த்துக்கொள், மேலே வரும் என்று. கொஞ்ச நாள் வரவும் செய்யலாம். ஆனால் பலகையில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் மேப்பிலும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. யாராவது ஒருவர் திருத்தம் அனுப்பினால் பெயர் போகும், சில நேரம் கடையே முடங்கும். அவர் சொன்ன வார்த்தைகளை எழுத விளக்கப் பகுதி இருக்கிறது, 750 எழுத்து வரை இடம். அங்கே நாங்கள் தமிழில், ஈர மாவு அரைக்கும் நேரம், காரத்துக்குத் தனி மெஷின், குறைந்தது எவ்வளவு கொண்டுவந்தால் அரைப்போம் என்பதை எழுதினோம். அரைக் கிலோவைக் கொண்டுவந்து "இவ்வளவு கம்மியா அரைக்க மாட்டோம்" என்று கேட்டுத் திரும்பியவர் முன்பு எழுதிய இரண்டு நட்சத்திரத்திலிருந்துதான் அந்தக் கடைசி வரி வந்தது.

நேரம்தான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டம் கொடுத்தது. சித்தப்பா காலை 8 மணிக்குத் திறந்து மதியம் 1.30க்குச் சாப்பிடப் போவார், 4 மணிக்கு மறுபடி திறந்து இரவு 9 வரை. மேப்பில் 8 முதல் 9 வரை ஒரே நீளமாக இருந்தது. வெயிலில் இரண்டரை மணிக்குக் கோதுமையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் மூடிய ஷட்டரைப் பார்த்தால் என்ன எழுதுவார்? "Open என்று போட்டிருக்கிறது, பூட்டியிருக்கிறது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒரே நாளுக்கு இரண்டு நேரம் போட வசதி இருக்கிறது, நாளைத் தொட்டு இன்னொரு நேரம் சேர்த்தால் போதும். இடைவேளை இருக்கிற எந்தக் கடைக்கும் இது பொருந்தும், தையல் கடையோ டிபன் கடையோ. மூடியிருப்பதாகக் காட்டினால் வாடிக்கையாளர் போய்விடுவாரே என்று பயந்து நாள் முழுக்கத் திறந்திருப்பதாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூடியது என்று பார்த்தவர் நாலு மணிக்கு வருவார். திறந்திருக்கிறது என்று நம்பி வந்து பூட்டைப் பார்த்தவர் இன்னொரு தடவை வருவது சந்தேகம்தான்.

மாவு மில்லுக்கு இன்னொரு தனிப் பிரச்சினை கரண்ட். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில், பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை, மெஷின் ஓடாது. கடை திறந்துதான் இருக்கும், சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், ஆனால் வருகிறவருக்கு அதனால் என்ன பயன்? அறிவிப்பு முன்கூட்டியே வந்துவிடுகிறது. அதைப் பார்த்ததும் சித்தி Special hours என்ற இடத்தில் அந்த ஒரு தேதிக்கு மட்டும் நேரத்தை மாற்றிவிடுவார். வழக்கமான நேரத்தைத் தொடவே வேண்டாம், அந்தத் தேதி போனதும் தானாகப் பழைய நேரம் வந்துவிடும். பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளிக்கும் இதே இடம்தான். பண்டிகை நேரத்தை நாம் உறுதிப்படுத்தாமல் விட்டால் நேரம் மாறியிருக்கலாம் என்று கூகுளே ஒரு எச்சரிக்கை போடும். சீடை, அதிரசம், முறுக்கு என்று மில்லுக்குக் கூட்டமே பண்டிகைக்கு முன்னால்தான், அந்த நேரத்தில் அப்படி ஒரு சந்தேக வரி தெரிவது பெரிய நஷ்டம்.

இவ்வளவும் செய்தபிறகுதான் விமர்சனங்களைத் திறந்து உட்கார்ந்தோம். மொத்தம் பதினொன்று. இவ்வளவு குறைவாக இருக்கும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு கனம் என்று பாருங்கள்: பத்துப் பேர் ஐந்து கொடுத்து, பதினோராவது ஆள் ஒன்று கொடுத்தால் சராசரி 4.6க்கு இறங்கிவிடும். நூறு பேர் ஐந்து கொடுத்திருந்தால் அதே ஒன்று சராசரியைக் கிட்டத்தட்ட அசைக்காது. அதனால் சிறு கடைக்காரருக்கு அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்ததும் கோபம் வருவது இயல்புதான்.

எங்கள் ஒற்றை நட்சத்திரம் இது: "குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச ராகி அரைத்தேன். மிளகாய் நெடி. குழந்தை வாயில் வைக்கவில்லை. மொத்த மாவும் வீண்."

சித்தப்பா உடனே சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "நாங்க இருபது வருஷத்துக்கு மேல மில் வெச்சிருக்கோம், ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல. காரத்துக்குத் தனி மெஷின் இருக்கு. வேணும்னே எழுதியிருக்காங்க." அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, தனி மெஷின் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இதை வெளியே போட்டால், மேப்பில் கடையைப் பார்க்கிற அடுத்த தாய் என்ன படிப்பார்? குறை சொன்னால் இவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று படிப்பார். நாம் எழுதுகிற பதில் குறை சொன்னவருக்கு மின்னஞ்சலில் போகிறது, உண்மைதான். ஆனால் அவர் ஒருவர் பார்க்கிறார் என்றால், இனி அந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் நம்மேல் கோபம் இல்லை. பதில் அவர்களுக்காக எழுதப்படுவது.

பதிலுக்கு முன்னால் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சித்தியும் நானும் விடாமல் கேட்டதில் வெளியே வந்தது: மிளகாய் தனி மெஷினில்தான் அரைக்கிறார்கள், ஆனால் கூட்ட நேரத்தில் மல்லியும் மிளகும் சேர்ந்த குழம்புப் பொடி சில நேரம் பொது மெஷினுக்குப் போய்விடுகிறது. அப்புறம் ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு ஓட்டிச் சுத்தம் செய்வார்கள், சாதாரண மாவுக்கு அது போதும். ஆனால் மாவு விழுகிற வாயில் கட்டியிருக்கும் துணிப்பை அதே பைதான், அதில் நெடி ஒட்டியிருக்கும். பெரியவர்களுக்குத் தெரியாத நெடி எட்டு மாதக் குழந்தைக்குத் தெரியும். ஆக, எழுதியவர் சொன்னது முழு உண்மை. காரப் பொடி எதுவானாலும் கார மெஷினுக்கு மட்டும்தான் என்று முடிவெடுத்து, அதற்குத் தனித் துணிப்பை கட்டி, குழந்தைகளுக்கான மாவைக் காலை 8 முதல் 9 வரை, வேறு எதுவும் ஓடுவதற்கு முன்னால் அரைப்பது என்று வைத்துக்கொண்டோம். அதன்பிறகு போட்ட பதில்:

"அம்மா, நீங்கள் சொன்னது சரி. அன்று குழம்புப் பொடி அரைத்த மெஷினிலேயே ராகி அரைத்திருக்கிறோம், தப்பு எங்களுடையது. இப்போது காரப் பொடிகளைப் பொது மெஷினில் போடுவதில்லை, துணிப்பையும் தனியாக வைத்துவிட்டோம். குழந்தைக்கு அரைக்க வேண்டும் என்றால் காலை 8 முதல் 9க்குள் வந்து சொல்லுங்கள், அதுதான் முதல் அரைப்பு. வீணான ராகிக்குப் பதில் ராகி தருகிறோம், மில்லுக்கு வந்து சொன்னால் போதும்."

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. என்ன நடந்தது என்று சொல்லியிருக்கிறோம், வெறும் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" இல்லை. அந்த வாக்கியத்தை எந்தக் கடையும் எந்தக் குறைக்கும் ஒட்டலாம், அதனால்தான் அதை யாரும் நம்புவதில்லை. என்ன மாற்றினோம் என்பது இருக்கிறது, அடுத்தவர் பயன்படுத்தக்கூடிய ஒரு நேரம் இருக்கிறது. ராகி தருகிறோம் என்றோம், அதற்கு மாறாக நட்சத்திரத்தை மாற்றச் சொல்லவில்லை. விமர்சனத்தை மாற்றுவதற்கோ நீக்குவதற்கோ எதையாவது கொடுப்பது கூகுளின் விதிக்கு எதிரானது, அதோடு படிக்கிறவருக்கும் அது பேரமாகத்தான் தெரியும்.

அந்த அம்மா வரவில்லை, நட்சத்திரத்தையும் மாற்றவில்லை. அது இன்னும் ஒன்றாகவே நிற்கிறது. ஆனால் அடுத்த மாதம் காலை எட்டேகாலுக்கு, முளைகட்டிக் காயவைத்த ராகியோடு ஒருவர் வந்து "குழந்தைக்குன்னா இந்த நேரத்துக்கு வரணும்னு எழுதியிருந்தீங்களே" என்றார். சித்தப்பாவுக்கு அன்றைக்குத்தான் பதில் எழுதுவதில் நம்பிக்கை வந்தது. இப்போது காலை முதல் மணி நேரத்துக்கு ராகி, சத்துமாவு என்று தனியாக ஆட்கள் வருகிறார்கள்.

பதில் எழுதுவது கடைக்கு உதவுகிறதா என்று ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. டாவிடே ப்ரொசெர்பியோ, ஜியார்கோஸ் ஸெர்வாஸ் என்ற இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ட்ரிப்அட்வைசர் தளத்தில் விமர்சனத்துக்குப் பதில் எழுத ஆரம்பித்த ஹோட்டல்களைப் பார்த்தார்கள். பதில் எழுத ஆரம்பித்தபிறகு விமர்சனங்களின் எண்ணிக்கை 12 சதவீதம் கூடியது, சராசரி 0.12 நட்சத்திரம் ஏறியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அவர்கள் சொன்ன காரணம்: முதலாளி படிக்கிறார், பதில் சொல்லுவார் என்று தெரிந்ததும், போகிற போக்கில் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போகிறவர்கள் குறைகிறார்கள். குறை எழுதுகிறவர்கள் நீளமாக, விவரமாக எழுதுகிறார்கள். ஹோட்டலும் மாவு மில்லும் ஒன்றில்லை, அந்த எண்களை அப்படியே இங்கே வைக்க முடியாது. ஆனால் விவரமான குறை என்பது கடைக்காரருக்குக் கிடைக்கிற நல்ல விஷயம், துணிப்பை விஷயம் எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

எல்லாக் குறையும் உண்மையாக இருக்காது. "அரிசி விலை அதிகம், எடையும் குறைவு" என்று ஒருவர் எழுதியிருந்தார். நாங்கள் அரிசி விற்பதே இல்லை, பக்கத்தில் இருக்கும் கடையை நினைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் எழுதியிருக்கிறார். புகார் கொடுத்துப் பார்த்தோம், விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது. இதைப் புரிந்துகொள்ள வேண்டும்: விமர்சனம் உண்மையா பொய்யா என்று விசாரிக்க அவர்களுக்கு வழி இல்லை. ஆபாசம், மிரட்டல், விளம்பரம், போட்டிக்காரர் எழுதியது மாதிரி விதிக்கு வெளியே போனால்தான் நீக்குவார்கள். நீக்கவில்லை என்றால் அமைதியாக இரண்டு வரி போதும்: "இது அரைத்துக் கொடுக்கும் மில், அரிசி விற்பனை இல்லை. வேறு கடையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறோம், ஒருமுறை பார்க்கவும்." எந்தக் கடை என்று பெயர் சொல்லக் கூடாது, அவரோடு நாளைக்கும் ஒரே தெருவில் இருக்க வேண்டும்.

வார்த்தை எதுவும் இல்லாமல் நட்சத்திரம் மட்டும் கொடுத்தவருக்கும் பதில் எழுதலாம். குறைவாகக் கொடுத்திருந்தால் "என்ன குறை என்று தெரிந்தால் சரிசெய்வோம், மில்லுக்கு வந்தோ போனிலோ சொல்லுங்கள்" என்பதற்குமேல் எதுவும் வேண்டாம். ஐந்து கொடுத்தவர்களுக்கு ஒரே நன்றியை ஒட்டிக்கொண்டே போகாமல், அவர் எதை எழுதினாரோ அதைத் தொட்டு ஒரு வரி. பதிலுக்குள் ஏரியா பெயரையும் தொழில் பெயரையும் திணிக்கச் சொல்லிச் சிலர் சொல்கிறார்கள், அதைப் படித்தால் மனிதர் எழுதிய மாதிரியே இருக்காது, செய்ய வேண்டாம்.

விமர்சனம் கேட்பதில் ஒன்றே ஒன்றுதான் செய்தோம். கடையின் பக்கத்திலேயே விமர்சனத்துக்கான இணைப்பும் கியூஆர் படமும் கிடைக்கும், அதை அச்சடித்துத் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். மாவு அரைய நேரம் ஆகும், ஜனங்கள் சும்மாதான் நிற்கிறார்கள், அங்கே கண்ணில் படும். "அஞ்சு ஸ்டார் போட்டா அரைக் கிலோ இலவசம்" என்று எழுதலாமா என்று தம்பி கேட்டான். கூடாது. காசோ பொருளோ கொடுத்து வாங்குவதும், திருப்தியாக இருக்கிறவரிடம் மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதும் விதிப்படி தடை. சொந்தக்காரர்கள் பத்துப் பேரை விட்டு எழுதவைப்பதும் இதே கணக்குத்தான். இந்தியாவில் இணைய விமர்சனங்களுக்கென்றே 2022இல் ஐஎஸ் 19000 என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தரநிலையும் கொண்டுவந்திருக்கிறது. அது விமர்சனத்தை வெளியிடுகிற தளங்களுக்கானது, ஆனால் காசுக்கு எழுதிய விமர்சனத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அதிலிருந்து தெரியும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்கிறபோது கடையில் உட்கார்ந்தே தேடிப் பார்த்து "நாமதான் ஃபர்ஸ்ட் வர்றோம்" என்று சந்தோஷப்படுவது பெரிய ஏமாற்றம். நாம் கடையிலேயே நிற்கிறோம், தூரம் பூஜ்யம், முதலில் வராமல் என்ன செய்யும். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் நின்று, இன்னொருவர் போனில் தேட வேண்டும். சாதாரணத் தேடலில் மேலே மூன்று கடைகள்தான் தெரியும். எங்கள் கடை தன்னைச் சுற்றி நாலைந்து தெருவுக்கு அந்த மூன்றுக்குள் வருகிறது. ரயில் நிலையப் பக்கம் போனால் வருவதில்லை, அங்கே பக்கத்தில் வேறு மில்கள் இருக்கின்றன. அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பத்துக் கிலோ கோதுமையைத் தூக்கிக்கொண்டு யாரும் மூன்று கிலோமீட்டர் வரப்போவதில்லை.

கணக்கில் Performance என்ற இடத்தில் எத்தனை பேர் வழி கேட்டார்கள், எத்தனை பேர் போன் செய்தார்கள், என்ன வார்த்தை போட்டுத் தேடினார்கள் என்று தெரியும். நான் பார்ப்பது வழி கேட்டவர்கள் எண்ணிக்கையும் தேடிய வார்த்தைகளும் மட்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த வார்த்தைப் பட்டியலில்தான் ஈர மாவு அரைக்கும் இடம் என்று தேடுகிறவர்கள் இருப்பது தெரிந்தது, விளக்கத்தில் அதை முதல் வரிக்குக் கொண்டுவந்தோம்.

இப்போது இந்த வேலை முழுக்கச் சித்தியிடம் இருக்கிறது. வியாழக்கிழமை இரவு கடை மூடியபிறகு போனில் பேசியே தமிழில் பதில் எழுதுகிறார், சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து "அந்தம்மாவா, ஞாபகம் இருக்கு, கம்பு கொண்டு வந்தாங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். மாதத்துக்கு ஒரு தடவை புள்ளி இடம் மாறியிருக்கிறதா, யாராவது திருத்தம் அனுப்பி நேரம் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறார். போன மாதம் யாரோ ஞாயிறு விடுமுறை என்று திருத்தியிருந்தார்கள். மில்லுக்கு ஞாயிறுதான் பெரிய கூட்டம். சனிக்கிழமை இரவே பார்த்து மாற்றிவிட்டார்.